முதல் முறிவுக்கும் இரண்டாவது முறிவுக்கும் நடுவே: எலும்பு முறிவு இணைப்புச் சேவையை அமைத்து நடத்த ஒரு வழிகாட்டி

மணிக்கட்டு உடைந்து வருகிற அறுபது வயதுக்காரருக்கு எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கிறார், எலும்பை நேராக்குகிறார், மாவுக்கட்டு போடுகிறார். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, கை மடங்கி நிமிர்கிறதா என்று பார்த்து அனுப்பிவைக்கிறார். எல்லாரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். ஆனால், நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் உடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது பொது மருத்துவர் பார்க்கவேண்டிய விஷயம் என்று எலும்பு மருத்துவர் நினைக்கிறார். பொது மருத்துவருக்கோ முறிவு நடந்ததே தெரியாது. சில வருடம் கழித்து அதே ஆள் இடுப்பெலும்பு உடைந்து ஸ்ட்ரெச்சரில் வருகிறார். இடுப்பு முறிவோடு வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதற்கு முன்பே வேறோர் எலும்பு உடைந்திருக்கும்.

இந்த இரண்டு மருத்துவர்களுக்கும் நடுவில் ஒரு ஆளை நிறுத்தி, முறிவோடு வருகிற ஒவ்வொருவரையும் அவர் பொறுப்பில் விடுவதுதான் எலும்பு முறிவு இணைப்புச் சேவை. ‘பிராக்சர் லயாசன் சர்வீஸ்’ என்பது உலக வழக்கு. 1990-களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவான முறை இது. 2012-ல் சர்வதேச ஆஸ்டியோபொரோசிஸ் அமைப்பு ‘கேப்சர் த பிராக்சர்’ என்ற திட்டத்தின் மூலம் இதை நாடுகள்தோறும் எடுத்துச் சென்றது.

இப்படியொரு சேவையைத் தொடங்க நினைக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்தான் இந்தக் கட்டுரை. வருடத்துக்கு 120 இடுப்பு முறிவுகளைப் பார்க்கும் நடுத்தர மருத்துவமனையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன். கூடவே 68 வயது அம்மா ஒருவரின் கதையும் கடைசிவரை வரும். அவர் பல நோயாளிகளின் அனுபவத்தைக் கலந்து நான் உருவாக்கியவர்.

முதல் படி: ஆளை நியமியுங்கள், அதிகாரத்தையும் கொடுங்கள்

சேவை என்றதும் புதுக் கட்டடம், தனி கிளினிக் என்று பேச்சு போகும். அவை பிறகு வரட்டும். முதலில் தேவை முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர். பெரும்பாலும் அனுபவமுள்ள செவிலியர். அவருக்குப் பின்னால் நிற்க, எலும்பு மெலிந்து பலவீனமாகும் எலும்புப்புரை நோய்க்குச் சிகிச்சை தெரிந்த மருத்துவர் ஒருவர் வேண்டும்.

ஆளை வைத்த பிறகும் சேவை படுத்துவிடுவது அதிகாரம் கொடுக்காத இடத்தில்தான். ஒருங்கிணைப்பாளர் நோயாளியைக் கண்டுபிடிக்கிறார், ஆனால் ஸ்கேனுக்கு எழுத ஒரு மருத்துவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார், ரத்தப் பரிசோதனைக்கு இன்னொருவரிடம் போகிறார் என்றால் மூன்றாவது மாதத்திலேயே வேலை தேங்கிவிடும். ஒரே பக்கத்தில் நெறிமுறை எழுதி, எந்தெந்தப் பரிசோதனைக்கு அவரே எழுதலாம், எந்த முடிவு வந்தால் மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும், மருந்தை யார் தொடங்குவது என்று முடிவு செய்து, துறைத் தலைவர்கள் கையெழுத்திட வேண்டும். தொடங்கும் நாளுக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

மருந்தைத் தொடங்குவது யார் என்ற கேள்வியில்தான் எதிர்ப்பு வரும். “நாங்கள் கண்டுபிடித்து, பொது மருத்துவருக்குக் கடிதம் போட்டுவிடுகிறோமே, போதாதா?” என்பார்கள். போதாது. பல்வேறு வகைச் சேவைகளின் முடிவுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியது. கண்டுபிடித்து, பரிசோதித்து, மருந்தையும் தொடங்கிய சேவைகளில் நூற்றுக்கு 46 பேர் சிகிச்சைக்குள் வந்தார்கள். பரிசோதனையை முடித்து மருந்தை மட்டும் பொது மருத்துவரிடம் விட்ட இடங்களில் 41 பேர். கடிதம் மட்டும் போட்ட இடங்களில் 23 பேர். நோயாளியிடம் விளக்கிச் சொல்லிக் கையேடு கொடுத்ததோடு நின்ற இடங்களில் வெறும் 8 பேர். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் சிறிது. மூன்றாவதில்தான் எண்ணிக்கை சரிகிறது. ஆகவே மருந்துச் சீட்டில் உங்களால் கைவைக்க முடியாவிட்டாலும் பரிசோதனையையாவது விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆள் கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். பிரிட்டனின் தேசியப் பதிவேட்டில் ஒரு எளிய வழி உண்டு: இடுப்பு முறிவுகளின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கினால், சிறிய விழுகைக்கே எலும்பு உடையும் நலிவு முறிவுகளில் அந்த மருத்துவமனை பிடிக்கவேண்டிய மொத்த எண்ணிக்கை கிடைக்கும். நம் கணக்கில் 600. வாரத்துக்குப் புதிதாக 12 பேர். ஒவ்வொருவரையும் முதல்முறை பார்க்க முக்கால் மணி நேரம் என்றால் 9 மணி நேரம். ஒவ்வொருவருக்கும் வருடத்தில் இரண்டு தொலைபேசித் தொடர்பு என்பதால் வாரத்துக்கு 24 அழைப்புகள், கால் மணி நேரம் வீதம் இன்னும் 6 மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் பட்டியலைச் சலிப்பதிலும் முடிவுகளைத் துரத்துவதிலும் போகும். ஒரு முழுநேர ஆளுக்கு இது சரியாக இருக்கும். வார்டு வேலையோடு சேர்த்துச் செய்யச் சொன்னால் முதலில் நின்றுபோவது அந்த அழைப்புகள்தான்.

இரண்டாம் படி: பட்டியல்

யாரைச் சேர்ப்பது? 50 வயதைத் தாண்டி, நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்ததில் எலும்பு உடைந்தவர்களை. விழாமலே முதுகெலும்பு நசுங்கியவர்களையும். விரல்கள், முகம், மண்டையோடு ஆகியவற்றின் முறிவுகளைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். புற்று பரவியதால் உடைந்த எலும்பு இந்தச் சேவையின் வேலை அல்ல. ஆனால் அது அப்படித்தான் என்று தெரிவதே சில சமயம் இங்குதான்.

ஆள் கிடைக்கும் வாசல்கள் மூன்று. அறுவை சிகிச்சைக்காக வார்டில் சேர்ந்தவர்கள் முதல் வாசல். இடுப்பு முறிவுகள் எல்லாம் இதில் வந்துவிடும், தப்பவே முடியாது. இரண்டாவது, மாவுக்கட்டு அறையும் எலும்பு முறிவு ஓ.பி.யும். மணிக்கட்டு, தோள்பட்டை, கணுக்கால் இங்கே வரும். ஓ.பி. நாளில் ஒருங்கிணைப்பாளர் அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவது நல்லது. “இந்த மாதிரி நோயாளி வந்தால் எங்களுக்கு அனுப்புங்கள்” என்று சுவரில் ஒட்டிய காகிதத்தை நம்பினால் ஒரு வாரம் அனுப்புவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். யாரும் அனுப்பாமலே பட்டியல் தானாக உங்களிடம் வந்து சேரவேண்டும்.

மூன்றாவது வாசல் எக்ஸ்ரே, ஸ்கேன் துறை. பெரும்பாலான சேவைகள் தோற்பது இதில்தான், ஏனென்றால் முதுகெலும்பு முறிவுகள் ஒளிந்திருப்பது இங்கேதான். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை. வயதானால் முதுகுவலி வரத்தானே செய்யும் என்று நோயாளியும் இருந்துவிடுகிறார். நிமோனியாவுக்காக எடுத்த நெஞ்சு ஸ்கேனில் முறிவு தெரிந்தாலும் அறிக்கையின் கடைசி வரியில், முறிவு என்ற சொல்லே இல்லாமல், மழுப்பலாக எழுதப்பட்டிருக்கும். எனவே வாரம் ஒருமுறை, 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சு, வயிறு, முதுகெலும்பு அறிக்கைகளில் இந்தச் சொற்களைத் தேடச் செய்யுங்கள்:

```
vertebral fracture
compression
wedge
collapse
loss of height
```

குப்பையும் சேர்ந்துதான் வரும். `collapse` என்று தேடினால் சுருங்கிய நுரையீரலும் வந்து நிற்கும். அரை மணி நேரம் சலித்தால் போதும். கதிரியக்க மருத்துவர்களிடம் போய், முறிவைக் கண்டால் ‘முறிவு’ என்ற சொல்லையே எழுதுங்கள், எந்த முள்ளெலும்பு, எவ்வளவு உயரம் குறைந்திருக்கிறது என்றும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்வது அதைவிட நல்லது. உயரம் 20 முதல் 25 சதவீதம் குறைந்திருந்தால் லேசானது, 40 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்பது அவர்களுக்கும் தெரிந்த ஜெனன்ட் அளவுகோல்.

பட்டியலில் வந்த எல்லாருக்கும் ஒரே மருந்து என்று போய்விடக் கூடாது. தொடையெலும்பின் நடுத்தண்டில் குறுக்காக ஒரே கோடாக உடைந்து வருகிறவர், எலும்புப்புரைக்கு வழக்கமாகத் தரும் பிஸ்பாஸ்பனேட் வகை மாத்திரையைப் பல வருடமாக எடுப்பவராக இருக்கலாம். அந்த மருந்தின் அரிய பக்க விளைவாக வரும் வித்தியாசமான தொடை முறிவு அது. அவருக்கு அந்த மருந்தை நிறுத்த வேண்டும், மற்றத் தொடையையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இணைப்புச் சேவையே அவருக்கு அதே மாத்திரையை மறுபடி எழுதிக்கொடுத்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

மூன்றாம் படி: முதல் சந்திப்பு

நம் 68 வயது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிவு. எலும்பை நேராக்கிக் கட்டு போட்டாயிற்று. இரண்டாவது வாரம் எலும்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரேவுக்கு வந்தபோது ஒருங்கிணைப்பாளர் அவரைப் பிடித்தார். இந்த நேரம் முக்கியம். முறிந்த அன்று வலியிலும் பதற்றத்திலும் சொன்னது எதுவும் மனதில் நிற்காது. கட்டு பிரித்த பிறகு கூப்பிட்டால், கை சரியாகிவிட்டதே என்று வரமாட்டார்கள். கட்டோடு இருக்கும் அந்த ஆறு வாரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

பேச்சைத் தொடங்கியதும் அந்த அம்மா எல்லாரும் சொல்வதையே சொன்னார்: “ஈரத்துல வழுக்கி விழுந்தா யாருக்குத்தான் சிஸ்டர் உடையாது?”

ஒருங்கிணைப்பாளர் அதை மறுத்து வாதாடவில்லை. “உங்க பேத்தி அதே இடத்துல விழுந்திருந்தா உடைஞ்சிருக்குமாம்மா?” என்று மட்டும் கேட்டார். எலும்பு அடர்த்தி, அதை இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் என்று தொடங்கியிருந்தால் அந்தச் சந்திப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு கேள்விகள். மாதவிடாய் எப்போது நின்றது? 43 வயதில். பெற்றோரில் யாருக்காவது இடுப்பு உடைந்ததா? அம்மாவுக்கு. ஸ்டீராய்டு மாத்திரை? இல்லை. புகை, மது? இல்லை. வேறு மாத்திரைகள்? ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, தூக்க மாத்திரை நான்கு வருடமாக. கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள்? இதோடு மூன்று.

கடைசியாக உயரத்தை அளந்தார். இளமையில் இருந்ததாக அவர் சொன்ன உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைவு. சுவரில் ஒட்டிய ஒரு அளவுகோல், அவ்வளவுதான் செலவு. ஆனால் இந்த நோயாளியின் போக்கையே மாற்றியது அதுதான். உயரம் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டும் என்பது நெறிமுறையில் எழுதியிருந்தது. எடுத்தார்கள். இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு, எல்1, முன்பக்கத்தில் 30 சதவீதம் நசுங்கியிருந்தது. எப்போது நடந்தது என்று அவருக்கே தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டதாக மட்டும் நினைவு.

முதல் முறிவு என்று பட்டியலில் ஏறியவருக்கு மணிக்கட்டு உண்மையில் இரண்டாவது முறிவு.

நான்காம் படி: பரிசோதனைகளும் அவற்றைப் படிக்கும் விதமும்

முறிவு நடந்து 12 வாரத்துக்குள் மதிப்பீடும் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் முடிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அடுத்த முறிவுக்கான ஆபத்து முதல் இரண்டு வருடத்தில்தான் மிக அதிகம். ஸ்கேனுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய இடமென்றால், இடுப்போ முதுகெலும்போ உடைந்த 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். பல நிபுணர் குழுக்கள் இதை ஏற்றுக்கொள்கின்றன. அவர்களுக்கு ஸ்கேன் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முடிவெடுக்க முறிவே போதும்.

ரத்தத்தில் பார்க்கவேண்டியது: கால்சியம், அல்புமின், சிறுநீரகச் செயல்பாடு, அல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, தைராய்டு, ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர். கால்சியம் ஏறியிருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை. முதுகெலும்பு முறிவு இருந்தாலோ, ரத்தசோகையோடு ஈ.எஸ்.ஆர். உயர்ந்திருந்தாலோ மைலோமா என்ற ரத்தப் புற்றைத் தேடும் புரதப் பரிசோதனை. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன். ஆண்களில் எலும்புப்புரைக்குப் பின்னால் வேறு காரணம் இருப்பது பெண்களைவிட அதிகம் என்பதால் அங்கே சற்று ஆழமாகவே தேட வேண்டும்.

அந்த அம்மாவின் முடிவுகள் வந்தன. வைட்டமின் டி 14 நானோகிராம், குறைவு. கால்சியம் சரி. சிறுநீரக வடிகட்டும் வேகம் 64, போதுமானது. அல்கலைன் பாஸ்படேஸ் சற்று உயர்வு. எலும்பு கூடிக்கொண்டிருக்கும்போது அது உயரும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள். புரதப் பரிசோதனையில் ஒன்றுமில்லை.

ஸ்கேனில் தொடையெலும்புக் கழுத்தின் டி-ஸ்கோர் -2.3. முதுகெலும்பில் -1.9. அறிக்கையின் அடியில் ‘ஆஸ்டியோபீனியா’ என்று அச்சாகியிருந்தது. எலும்புப்புரை என்று சொல்வதற்கான எல்லைக்கோடு -2.5. இந்த இடத்தில் எத்தனை பேர் கைநழுவிப் போகிறார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அறிக்கையைப் பார்த்து, எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, பால் குடியுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

இங்கே கவனிக்க இரண்டு விஷயம். நசுங்கிய முள்ளெலும்பில் அதே எலும்பு குறைந்த பரப்பில் அழுந்திக் கிடப்பதால் ஸ்கேன் அதை அடர்த்தியானது என்று கணக்கிடும். எல்1-ஐ விலக்கிக் கணக்கிட்டபோது முதுகெலும்பின் டி-ஸ்கோர் -2.4 ஆனது. வயதானவர்களின் முதுகில் வளரும் எலும்பு முட்களும் இதேபோல் ஏமாற்றும். இரண்டாவது, எண் எதுவாக இருந்தாலும், பெரிய அடி எதுவும் படாமலே உடைந்த முள்ளெலும்பே எலும்பு பலவீனமானது என்பதற்குச் சாட்சி. உடைந்துபோன பிறகு, உடையுமா உடையாதா என்று கணிக்கும் எண்ணுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

ஐந்தாம் படி: மருந்து

அந்த அம்மாவுக்கு என்ன மருந்து என்று முடிவுசெய்யச் சேவைக் குழு கூடியபோது இரண்டு யோசனைகள் வந்தன. முள்ளெலும்பும் உடைந்திருப்பதால் எலும்பை வளர்க்கும் ஊசியான டெரிபாரடைடில் தொடங்கலாமா என்றார் ஒருவர். 2018-ல் வெளியான வீரோ ஆய்வில், இரண்டு வருடத்தில் டெரிபாரடைடு எடுத்தவர்களில் 5.4 சதவீதம் பேருக்கும் ரைசட்ரோனேட் மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் புதிய முள்ளெலும்பு முறிவு வந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு நடுத்தர முள்ளெலும்பு முறிவு குறைந்தது இரண்டு இருந்தன, அல்லது கடுமையானது ஒன்று. நம் அம்மாவுக்கு நடுத்தரமானது ஒன்றுதான். தினமும் ஊசி, அதுவும் இரண்டு வருடம். முதலில் மாத்திரை, அது தோற்றால் அடுத்தது என்று முடிவானது. இன்னொரு குழு வேறு முடிவுக்கு வந்திருந்தால் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன்.

வாரம் ஒருமுறை பிஸ்பாஸ்பனேட் வகையைச் சேர்ந்த அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் எழுதினார்கள். வைட்டமின் டி வாரம் 50,000 யூனிட், எட்டு வாரத்துக்கு. “எலும்பு கூடுவதற்கு முன்பே இந்த மருந்தைக் கொடுத்தால் கூடுவது தாமதமாகாதா?” என்று அறுவை சிகிச்சை மருத்துவர்கள் கேட்பார்கள். நடைமுறையில் பொருட்படுத்தும்படியான தாமதம் எதுவும் ஆய்வுகளில் தெரியவில்லை. இந்தப் பதிலை நெறிமுறையிலேயே எழுதிவைத்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருமுறை விளக்க வேண்டியிருக்காது.

இடுப்பு முறிந்தவர்களுக்கு மாத்திரையைவிட வருடம் ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் எனக்குப் பிடித்தமானது. இடுப்பு அறுவை முடிந்து 90 நாளுக்குள் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. முறிவுக்குப் பின் இரண்டு வாரமாவது கழித்து ஏற்றுவது வழக்கம். ஏற்றுவதற்கு முன் வைட்டமின் டி-யும் கால்சியமும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கும். சிறுநீரக வடிகட்டும் வேகம் 35-க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது.

எந்த மருந்தானாலும் தொடங்கும் முன் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பிடுங்கவேண்டிய பல் இருந்தால் முன்கூட்டியே பிடுங்கிவிடலாம். இந்த மருந்துகளால் வரும் தாடை எலும்பு பாதிப்பு அரிது. ஆனால் அதன் பயம் அரிதல்ல. அந்தப் பயத்தாலேயே மருந்தை விட்டவர்கள் உண்டு.

ஆறாம் படி: விழாமல் பார்ப்பது

மருந்து எலும்பைத்தான் பார்த்துக்கொள்ளும், விழுவதை அது தடுக்காது. ஒரு வருடத்தில் மூன்று முறை விழுந்தவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது பாதி வேலை. படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். இந்த அம்மாவுக்கு 15 விநாடி. 12-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பி, கால் பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி வாரம் மூன்று நாள் என்று தொடங்கினார்கள். நசுங்கிய முள்ளெலும்பு இருப்பதால் குனிந்து பாரம் தூக்கும் பயிற்சிகள் கிடையாது.

தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. பொது மருத்துவரோடு பேசிச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார்கள். மூன்று விழுகையில் இரண்டு, இரவில் கழிப்பறைக்கு எழுந்தபோது நடந்தவை.

ஏழாம் படி: பதினாறாவது வாரத்து அழைப்பு

ஒரு சேவை நன்றாக நடக்கிறதா என்று யாராவது கேட்டால், அவர்களுடைய பதினாறாவது வார அழைப்புகளின் பதிவேட்டைத்தான் முதலில் காட்டச் சொல்வேன். மாத்திரையாக எடுக்கும் பிஸ்பாஸ்பனேட்டைத் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். விட்டால் வலிக்காது, எதுவும் ஆகாது. அடுத்த முறிவு வரும்வரை யாருக்கும் தெரியாது.

அழைப்பில் கேட்கும் விதம் முக்கியம். “மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” என்றால் “சாப்பிடுறேன்” என்றுதான் பதில் வரும். நம் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.

“நல்லதும்மா. எந்தக் கிழமை போடுறீங்க?”

சற்று மௌனம். “வியாழக்கிழமை... போட்டுக்கிட்டிருந்தேன்.”

“அட்டையைக் கையில எடுத்துப் பாருங்களேன். எத்தனை மிச்சம் இருக்கு?”

நான்கு மாத்திரை கொண்ட முதல் அட்டையிலேயே ஒன்று மிச்சம் இருந்தது. மூன்றாவது மாத்திரைக்குப் பிறகு நெஞ்செரிச்சல். எப்படிச் சாப்பிட்டார் என்று விசாரித்ததில், காபியோடு விழுங்கிவிட்டு மறுபடி படுத்திருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதை முதல் சந்திப்பில் சொல்லித்தான் இருந்தார்கள். கையேட்டிலும் இருந்தது. கட்டு போட்ட கையோடு அதை யார் படிப்பது? அதன் பிறகு முதல் மாத்திரை போடும் நாளன்றே ஒரு சின்ன அழைப்பு என்று அந்தச் சேவை தன் நெறிமுறையை மாற்றிக்கொண்டது.

சரியாகச் சாப்பிடச் சொல்லி மறுபடி தொடங்கியிருக்கலாம். ஆனால் ஒருமுறை எரிச்சல் கண்டவர் இரண்டாம் முறையும் விடுவார் என்று நினைத்து, மருத்துவர் ஜோலெட்ரோனிக் ஆசிடுக்கு மாற்றினார். வைட்டமின் டி மறுபடி பார்த்தார்கள், 31-க்கு வந்திருந்தது. கால்சியமும் சரி. பதினெட்டாவது வாரம் மருந்து ஏற்றினார்கள். முதல்முறை ஏற்றும்போது இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாரசிட்டமால் போதும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வந்தது, போனது. சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த வருடம் அவர் வந்திருக்க மாட்டார்.

அழைப்புக்குப் பதிலே வராத ஒரு கூட்டமும் உண்டு. காது கேட்காதவர்கள், நினைவு மங்கியவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள். அடுத்த முறிவுக்கான ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம். முதல் சந்திப்பிலேயே இன்னொருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். இவர்களுக்கு மாத்திரை வேண்டாம், ஆரம்பத்திலேயே வருடாந்தர மருந்தைக் கொடுப்பது மேல்.

எட்டாம் படி: ஒரு வருடமும் கைமாற்றமும்

52-வது வாரம் மறுபடி அழைப்பு. விழுந்தீர்களா, புதிதாக ஏதாவது உடைந்ததா, உயரம் குறைந்ததா, மருந்து தொடர்கிறதா. அதன் பிறகு நோயாளியைப் பொது மருத்துவரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் கடிதத்தில் ‘தொடரவும்’ என்று முடிப்பது வழக்கம், பயனற்ற வழக்கம். என்ன மருந்து, எப்போது தொடங்கியது, அடுத்த தவணைத் தேதி என்ன, எந்த வருடம் மறுமதிப்பீடு, எதைக் கண்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஐந்து வரி போதும். ஜோலெட்ரோனிக் ஆசிடானால் மூன்று வருடம் கழித்து மறுமதிப்பீடு. இடையில் தொடையிலோ கவட்டையிலோ புது வலி வந்தால் உடனே படம்.

ஒரு மருந்துக்கு மட்டும் ஒப்படைப்பதில் தனி எச்சரிக்கை தேவை. டெனோசுமாப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் ஊசி. நிறுத்தினால் அதன் பலன் சில மாதங்களில் மறைந்துவிடும், சிலருக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல முள்ளெலும்புகள் நசுங்கும். தவணை ஏழு மாதத்தைத் தாண்டவே கூடாது. நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் அதன் இடத்தில் பிஸ்பாஸ்பனேட்டைக் கொடுக்க வேண்டும். இந்த ஊசி எடுக்கும் நோயாளிகளின் தேதிகளைக் கடைசிவரை சேவையின் சொந்தப் பட்டியலிலேயே வைத்திருப்பது என் கட்சி. ஒரு இடத்தில் ஊசி வருவது தாமதமாகி, யாரும் தேதி பார்க்காமல் பத்து மாதமாகிப்போன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மூன்று முள்ளெலும்புகள்.

ஒன்பதாம் படி: வருடக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்

முதல் வருட முடிவில் பட்டியலில் 210 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்த்தது 600. மூன்றில் ஒன்றைவிடச் சற்று அதிகம், 35 சதவீதம். இதோடு நிறுத்தாமல், எந்தெந்த எலும்பு என்று பிரியுங்கள். இடுப்பு 105, மணிக்கட்டும் தோள்பட்டையும் 80, முதுகெலும்பு 9, மற்றவை 16. இப்போது ஓட்டை எங்கே என்று தெரிகிறது. இடுப்பு ஏறக்குறைய முழுதும் வந்துவிட்டது, வார்டு வாசல் வேலை செய்கிறது. முதுகெலும்பு பட்டியலில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் பதிவேட்டின் அளவு. இங்கே 4 சதவீதம்தான். எக்ஸ்ரே துறை வாசல் திறக்கவே இல்லை. அடுத்த வருடம் செய்யவேண்டிய வேலை அது ஒன்றுதான்.

கூடவே இன்னும் மூன்று எண்களைப் பாருங்கள்: 12 வாரத்துக்குள் மதிப்பீடு முடிந்தவர்கள், 16-வது வாரத்தில் மருந்து தொடங்கியிருந்தவர்கள், 52-வது வாரத்திலும் அதை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். கடைசி இரண்டுக்கும் வகுக்கும் எண்ணாக, மருந்து பரிந்துரைக்கப்பட்ட எல்லாரையும் வையுங்கள். தொலைபேசியில் கிடைத்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் 90 சதவீதம் வரும், நிர்வாகமும் மகிழும். கிடைக்காதவர்கள் மருந்தை விட்டவர்கள் என்றே எண்ணுங்கள். எண் பாதியாகக் குறைந்தால் அதுதான் உங்கள் சேவையின் உண்மையான எண்.

அந்த அம்மாவை 52-வது வாரம் அழைத்தபோது, ஒருமுறை தடுக்கியதாகவும், ஆனால் விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார். உயரம் அப்படியே இருந்தது. இரண்டாவது தவணைக்கு 70-வது வாரத்தில் தேதி குறித்தார்கள்.